நாற்பத்தெட்டு ஓம்

அந்தப் பள்ளிக்கூட வளாகம் முழுக்க ஒலிபெருக்கி லைன் இழுத்துக் கொடுத்தவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மீட்டர். காதால் கேட்டதை நம்ப மாட்டார், கண்ணால் கண்டதையும் நம்ப மாட்டார், கருவியை வைத்துப் பார்த்து முள் நின்றால்தான் நம்புவார். "காய்ச்சல்னு சொன்னா நெத்தியத் தொட்டுப் பாக்காம தெர்மாமீட்டரைத் தேடுற மனுஷன்" என்று அவர் மனைவி இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மனைவியின் தங்கை வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, தோளில் இருந்த பையையும் இறக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் மழலை வகுப்பு ஆயாவாக ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். ஒன்பது வருஷத்தில் எத்தனை மூக்கைத் துடைத்திருப்பாள், எத்தனை காலணிக் கயிறு கட்டியிருப்பாள் என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

"மாமா, என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு விசாரணையாம். உங்க ஸ்பீக்கர் வேலை செஞ்சுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அக்காக்காரி அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தபின் கதை முழுதாக வந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மைதானத்து மரத்தில் இருந்த தேன்கூடு கலைந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து உடனே மைக்கில் சொன்னார்கள்: யாரும் வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலை மூடுங்கள். வளாகமே உள்ளே போய் அடைந்துகொண்டது. மழலைக் கட்டடத்துக்குப் பின்னால் மட்டும் இருபத்திரண்டு குழந்தைகள் மணல் தொட்டியில் விளையாடிக்கொண்டிருந்தன. டீச்சர் அன்றைக்கு விடுப்பு. இருந்தது இவள் ஒருத்திதான். தேனீக்கள் தலைக்கு மேல் வந்தபோதுதான் இவளுக்கே தெரியும். சேலைத் தலைப்பால் மூடி, இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பதினோரு குழந்தைகளைக் கொட்டிவிட்டது. ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். இவள் கழுத்திலும் கையிலும் இன்னும் வீக்கம் வடியவில்லை.

"எல்லாருக்கும் கேட்டுச்சாம், எனக்கு மட்டும் கேக்கலையாம். தூங்கிட்டிருந்தேனாம், இல்லாட்டி போன் பேசிட்டிருந்தேனாம். சத்தியமா சொல்றேன் மாமா, தூரத்துல கசமுசான்னு ஏதோ கேட்டுச்சு. ஒரு வார்த்தை புரியல."

"இன்னைக்குக் காலையில என்ன பண்ணாங்கன்னு சொல்லுடி" என்றாள் அக்கா.

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, மழலை வகுப்பு ஆயாவின் அலட்சியத்தால்தான் குழந்தைகளுக்கு இப்படி ஆனது, நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்துவிட்டாராம். வளாகத்துக்குக் கேட்டது, வாசலில் நின்ற பெற்றோருக்குக் கேட்டது, தெருமுனைக் காய்க்கடை வரைக்கும் கேட்டது. இவளுக்குக் கேட்கவில்லை. மழலைக் கட்டடத்தில் குழந்தைகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தவளுக்கு, மத்தியானம் காய்க்கடைக்காரி சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. தன்னைத் திட்டிய திட்டுகூட ஒருத்திக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

மீட்டர் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலைக் கூட்டமும் உனக்குக் கேக்கலையா?"

"கொஞ்ச நாளாவே எங்க பக்கம் சத்தமே இல்ல மாமா. எங்களுக்குக் கைமணி இருக்கு, அதனால பெருசா தோணல. ஒரு தடவை ஆபீஸ்ல சொன்னேன். அதான் நல்லதும்மா, புள்ளைங்க தூங்கட்டும்னு கிளார்க் சிரிச்சாரு."

அவர் அன்றைக்கு அந்த லைனை எப்படிப் போட்டார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் மாதிரி ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால் அவ்வளவு தூரத்துக்குச் சத்தத்தில் பாதியைக் கம்பியே தின்றுவிடும். அதனால் எழுபது வோல்ட் லைன். ஒரே ஜோடிக் கம்பி வளாகத்தைச் சுற்றி ஓடும். ஹார்ன் என்கிற ஒவ்வொரு கூம்பு ஸ்பீக்கரும் தனக்கென்று ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு, வீட்டு மின்சாரத்தில் பல்பு எரிகிற மாதிரி, தனக்கு வேண்டியதை மட்டும் அந்த லைனிலிருந்து எடுத்துக்கொள்ளும். எவ்வளவு எடுப்பது என்பதை ஹார்னின் முதுகில் இருக்கும் ஒரு திருகு முடிவு செய்யும்: பத்து வாட், ஐந்து வாட், இரண்டரை வாட். பத்து ஹார்னையும் பத்தில் வைத்தார். மொத்தம் நூறு வாட், ஆம்ப்ளிஃபயர் நூற்றைம்பது. மாடு இழுக்கக்கூடியதற்கு மேல் வண்டியில் ஏற்றக்கூடாது என்பது அவர் கொள்கை.

மழலைக் கட்டடத்துக்கு மட்டும் இரண்டு ஹார்ன். அது பெரிய கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருக்கிறது. ஹார்ன் முகம் பார்க்கிற திசைக்குத்தான் பேசும். முதுகுப் பக்கம் நிற்கிறவனுக்கு முணுமுணுப்புதான் மிஞ்சும். அதனால் பெரிய கட்டடத்துப் பின்சுவரில் ஒரு இணைப்புப் பெட்டி வைத்து, அங்கிருந்து தனிக் கிளையாக இழுத்துக் கொடுத்தார். வேலையை ஒப்படைக்கும்போது பள்ளிக்கூடத்துச் செயலாளரிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "எங்கயாவது சத்தம் ஜாஸ்தியா இருந்தா என்னைக் கூப்பிடுங்க சார். ஒரு திருப்பு திருப்பினா போதும். வேற யாரையும் கை வைக்க விடாதீங்க." செயலாளர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன, தலை இருந்தால் போதுமே.

"நான் வந்து பாத்துடறேன்" என்று அன்றைக்கே கிளம்பினார். பள்ளிக்கூடம் பூட்டிவிட்டது. சனி, ஞாயிறு விடுமுறை. காவல்காரர், செயலாளர் சொல்லாமல் திறக்க முடியாது என்றார். செயலாளர் போனை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு, அப்புறம் பாத்துக்கலாம்."

"உங்க வேலையில கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. பேரு போனா நாளைக்கு வேற ஊர்ல வேலை பாத்துச் சம்பாதிச்சுக்கலாம். அவளுக்கு, புள்ளைங்களைப் பாக்காம விட்டவன்னு முத்திரை குத்திட்டா எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பான்?"

மீட்டருக்கு ஆத்திரம் வந்தது. மனைவி மேல் இல்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததே என்று வந்தது. இத்தனை வருஷத்தில் தன் கையால் போட்ட ஒரு இணைப்புகூட விட்டுப் போனதில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடியவர். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காகிதத்தை எடுத்தார். "என் வேலையில் குறை இருந்திருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்தில் செயலாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலைமையாசிரியை பக்கத்தில். ஓரமாகப் பள்ளிக்கூடத்து எலக்ட்ரீஷியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆயா நடுவில் நின்றாள். அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் செயலாளர்.

"லைன் நான் போட்டது சார். பாக்கணும்."

"லைனுக்கு என்ன? வாராவாரம் டெஸ்ட் பண்றோம். நோட்டுல எழுதியிருக்கு பாருங்க, எல்லா ஒலிபெருக்கியும் சரின்னு."

"எங்க நின்னு டெஸ்ட் பண்றீங்க?"

"இதோ, இந்த வாசல்லதான். கணீர்னு கேக்குது."

இதைக் கேட்டு மீட்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சமையலறையில் நின்று ருசி பார்த்துவிட்டு, பந்தியில் எல்லாருக்கும் இலை நிறைந்துவிட்டது என்று எழுதி வைப்பார்கள் போலிருக்கிறது.

"சார், மழலைக் கட்டடத்துல ஹார்ன் பேசலைன்னு இவங்க சொல்றாங்க."

"இவங்க உங்க கொழுந்தியா. நீங்க அப்படித்தான் பேசுவீங்க." செயலாளர் மேசையைத் தட்டினார். "ரெண்டுல ஒண்ணு. ஸ்பீக்கர் வேலை செஞ்சுதுன்னா இந்தம்மா மேல தப்பு. வேலை செய்யலைன்னா உங்க மேல தப்பு. எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நான் முடிச்சுடறேன்."

தப்பு இரண்டே பேரிடம்தான் இருக்க முடியும் என்று எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போட்டுவிட்டார்! மூன்றாவது நாற்காலி ஒன்று இருக்கிறது, அதில் தான்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. மீட்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. காகிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. ஆயா அதைப் பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் மாமா" என்றாள். "செய்யாத தப்பை நீங்களும் ஒத்துக்காதீங்க. நானும் ஒத்துக்க மாட்டேன்."

அவர் கையை எடுத்தார்.

"எழுதித் தர்றேன் சார். முதல்ல மீட்டர் வச்சுக் காட்டறேன். என் மேல தப்புன்னு அது சொன்னா இங்கயே எழுதித் தர்றேன்."

"பாக்கட்டுமே சார்" என்றார் தலைமையாசிரியை மெதுவாக.

ஆம்ப்ளிஃபயர் பெட்டி அதே அறையின் மூலையில்தான் இருந்தது. மீட்டர் அதை அணைத்தார். லைன் கம்பி இரண்டையும் பின்பக்கத்திலிருந்து கழற்றினார். பையிலிருந்து தன் இம்பீடன்ஸ் மீட்டரை எடுத்தார். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் சுற்றியிருக்கும் கம்பியை மட்டும் அளந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும். இது லைனுக்குள் ஒரு சின்ன ஒலியை அனுப்பி, அந்த ஒலிக்கு லைன் எவ்வளவு தடை சொல்கிறது என்று பார்த்து ஓம் கணக்கில் சொல்லும்.

"இப்ப எவ்வளவு காட்டுது, நீங்களே படிங்கம்மா" என்று தலைமையாசிரியையிடம் நீட்டினார்.

"அறுபது."

மீட்டர் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்பக்கத்தில், அவர் வேலையை முடித்த அன்றைக்கு ஒட்டிய வெள்ளைச் சீட்டு அப்படியே இருந்தது. ஒவ்வொரு வேலையிலும் ஒட்டுவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஹார்ன் பத்து, ஒவ்வொன்றும் பத்து வாட், லைன் நாற்பத்தெட்டு ஓம். தேதி. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் செயலாளர் கையெழுத்து, வாலை நீட்டி நீட்டிப் போட்டது.

"அன்னைக்கு நாற்பத்தெட்டு, நீங்களும் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்கு அறுபது. ஹார்ன் எல்லாம் லைன்ல பக்கம் பக்கமா நிக்குது சார். ஆள் குறைஞ்சா கரெண்ட் போற வழி குறையும், ஓம் ஏறும். பத்து ஹார்னுக்கு நாற்பத்தெட்டுன்னா, எட்டு ஹார்னுக்குக் கணக்கா அறுபது. ரெண்டு ஹார்ன் லைன்லயே இல்ல."

"உங்க மீட்டர் தப்பா இருக்கலாம்" என்றார் செயலாளர்.

அவர் அதைச் சொன்ன வேகத்தில் தலைமையாசிரியை அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இருக்கலாம். ரெண்டு ஹார்ன் ஒரே கிளையில எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நடங்க, பாத்துடலாம்."

எல்லோரும் நடந்தார்கள். பெரிய கட்டடத்தின் பின்சுவர். ஏணியை எலக்ட்ரீஷியன்தான் கொண்டுவந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்தான். இணைப்புப் பெட்டிக்கு நேர் கீழே ஒரு ஜன்னல். செயலாளரின் 'கோப்பு பார்க்கும் அறை'. திரை விலகியிருந்ததில் கட்டில் தெரிந்தது, தலையணை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. கோப்புதான் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

மீட்டர் ஏறிப் பெட்டியைத் திறந்தார். மழலைக் கட்டடத்துக்குப் போகும் கிளைக் கம்பி இரண்டும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டியவன் பொறுப்பான ஆள். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி, ஒன்றோடொன்று உரசாமல் மடித்து வைத்திருந்தான். அவசரமாக வெட்டி விட்டிருந்தால் முனைகள் ஒட்டி, லைன் மொத்தமும் ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயர் வாயை மூடியிருக்கும். பள்ளிக்கூடமே ஊமையாகி, அன்றைக்கே அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். சுத்தமாகச் செய்ததால்தான் மற்ற எட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பேசிக்கொண்டிருந்தன. இந்த ஒழுங்கைப் பார்த்ததும்தான் மீட்டருக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"இது யாரு வேலை?" ஏணியில் நின்றபடியே கத்தினார். "டேப் சுத்தத் தெரிஞ்ச கைக்கு, இந்தக் கம்பி எங்க போகுதுன்னு தெரியாதா? மூணு வயசுப் புள்ளைங்க அங்க இருக்கு!"

எலக்ட்ரீஷியன் செயலாளரைப் பார்த்தான். ஆயாவின் கழுத்து வீக்கத்தைப் பார்த்தான்.

"ஐயா சொன்னாங்க. மத்தியான அறிவிப்பு மழலைக் கட்டடத்து ஹார்ன்லேர்ந்து ஜன்னலுக்குள்ளயே கத்துதாம். கண்ணை மூட முடியலையாம். ரெண்டு மாசம் ஆச்சு. வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சுக்கா. மன்னிச்சுடுங்க."

ஆயா மன்னிப்புக் கேட்டவனைப் பார்க்கவில்லை. செயலாளரைத்தான் பார்த்தாள், கண்ணை எடுக்காமல்.

"எனக்குக் கேக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். "வியாழக்கிழமையே தெரியும். தெரிஞ்சுதான் என்னை நிக்க வச்சுக் கேட்டீங்க, இல்லையா?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சத்தத்தைக் குறைக்கத்தான் சொன்னேன். இவன் அறுத்தா நான் என்ன பண்றது? சரி, நடந்தது நடந்துபோச்சு. இந்தம்மா நாளையிலேர்ந்து வழக்கம்போல வேலைக்கு வரட்டும். இதைப் பெருசு பண்ண வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே ஏறிவிட்டது, ஏறிய பிறகு அம்பலத்தையே சத்தமில்லாமல் கலைத்துவிடப் பார்க்கிறார். பதினோரு குழந்தைகள் கொட்டு வாங்கியது ஒருவரின் மத்தியானத் தூக்கத்துக்காக. பழி சுமந்தது, அந்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். இதையெல்லாம் 'பெருசு பண்ண வேண்டாம்' என்ற மூன்று வார்த்தைக்குள் மடித்து வைத்துவிடலாமாம்.

"பேரு கெட்டது இவளுக்கு சார்" என்றார் மீட்டர். "காய்க்கடை வரைக்கும் கேக்கற மாதிரி கெடுத்தீங்க. நான் போட்ட லைன்லயே கெடுத்தீங்க. திருப்பிக் குடுக்கறதும் அதே லைன்லதான் குடுக்கணும்."

"நீங்க போட்டுக் குடுத்த ஆளு, அவ்வளவுதான். எதை அறிவிக்கறதுன்னு நிர்வாகம் முடிவு பண்ணும்."

"முடிவு பண்ணியாச்சு சார்." சொன்னது தலைமையாசிரியை. முகம் வெளுத்திருந்தது. "அந்தப் பழியை என் வாயாலதான் சொன்னேன். விசாரிக்காம, நீங்க எழுதிக் குடுத்ததை அப்படியே படிச்சேன். நானே போய்த் திருப்பிச் சொல்றேன். என்னை வேலைய விட்டு எடுக்கணும்னா அப்புறம் எடுத்துக்குங்க."

மீட்டர் முனைகளைச் சீவி, இரண்டு கம்பியையும் அதனதன் இடத்தில் சேர்த்து முறுக்கினார். ஒன்று மாறினால் இரண்டு ஹார்னும் மற்றவற்றுக்கு எதிர்க்கட்சியாகிச் சத்தத்தை அமுக்கிவிடும் என்பதால் நிறம் பார்த்துச் சேர்த்தார். அலுவலகத்துக்கு வந்து அளந்தார். நாற்பத்தெட்டு. லைனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, தலைமையாசிரியையிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, ஏணியோடு மழலைக் கட்டடத்துக்கு நடந்தார். டெஸ்ட் என்றால் கேட்க வேண்டிய இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டும்.

ஆயா அவருக்கு முன்பே அங்கே போயிருந்தாள். ஒரு குழந்தை அவள் இடுப்பில், இரண்டு சேலையைப் பிடித்துக்கொண்டு.

தலைக்கு மேல் ஹார்ன் கரகரத்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் வார்த்தை வந்து விழுந்தது.

"வியாழக்கிழமை அறிவிப்பு மழலைக் கட்டடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே உள்ள ஒலிபெருக்கி, செயலாளரின் உத்தரவுப்படி இரண்டு மாதமாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. ஆயாவின் மேல் எந்தத் தவறும் இல்லை. குழந்தைகளைக் காப்பாற்றியது அவர்தான். அவரைப் பற்றி வெள்ளிக்கிழமை நான் சொன்னது தவறு. எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

வளாகம் முழுக்கக் கேட்டது. வாசலுக்குக் கேட்டது. தெருமுனைக் காய்க்கடைக்கும் கேட்டிருக்கும். ஆயா நிமிர்ந்து ஹார்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. இடுப்பில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்கு மிரண்டு, காதைப் பொத்திக்கொண்டு, அதுவும் சேர்ந்து அழுதது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் முதுகைத் தட்டினாள்.

"மாமா, சின்னதுங்க பயப்படுது. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

மீட்டர் ஏணியைச் சாத்தி ஏறினார். ஹார்னின் முதுகில் திருகாணியை வைத்துப் பத்திலிருந்து இரண்டரைக்குத் திருப்பினார். இறங்கி, அடுத்த ஹார்னுக்கு ஏணியை மாற்றி, அதையும் திருப்பினார். வார்த்தை தெளிவாகக் கேட்கும், காதை அடைக்காது. எதிர் ஜன்னலுக்குள் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் கெடாது.

"ஆச்சா மாமா? அவ்வளவுதானா?" என்றாள் ஆயா.

"அவ்வளவுதான்மா" என்றார். "கேட்டிருந்தா, இவ்வளவுதான்."

சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு அலுவலகத்துக்குப் போய், லைனைக் கழற்றி மறுபடி அளந்து, கதவின் உள்பக்கத்துச் சீட்டில் புது எண்ணை எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைச் செயலாளரிடம் நீட்டினார்.